முயலைத் தொலைத்த பெட்டி

2002ஆம் ஆண்டில் பொம்மைக் கடைகளிலிருந்து ஒரு சிவப்பு முயல் காணாமல் போனது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் பிறந்த லெகோ நிறுவனம், மழலைகளுக்கென்று டூப்ளோ என்ற பெயரில் பெரிய கட்டைகளை விற்று வந்தது. பெட்டியின் மூலையில் இருக்கும் முயல் தலைதான் அவற்றுக்கு அடையாளம். அந்த ஆண்டில் நிறுவனம் டூப்ளோ என்ற பெயரையும் முயலையும் ஒன்றாக எடுத்துவிட்டு, 'எக்ஸ்ப்ளோர்' என்று புதுப்பெயர் வைத்தது. தேடிப் பார், ஆராய்ந்து அறி என்று அதற்குப் பொருள். பெற்றோர் காதுக்கு இனிமையான பெயர்தான். இரண்டே ஆண்டுகளில் அதைக் கைவிட வேண்டியிருந்தது. 2004இல் டூப்ளோ திரும்பி வந்தது, முயலும் கூடவே வந்தது.

இந்த இரண்டு ஆண்டுக் கதையை நான் பல வருடங்களாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். குழந்தைகளுக்கான கற்றல் பொருள்களுக்குப் பெட்டியும் பெயரும் வடிவமைப்பது என் தொழில். காசு கொடுப்பவர் ஒருவர், கை நீட்டித் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர் என்ற சிக்கல் எங்கள் வேலையில் தினமும் வரும். அந்தச் சிக்கலின் நடுவில் ஒரு பெரிய நிறுவனம் எங்கே கால் இடறியது என்பதை டூப்ளோவின் கதை துல்லியமாகக் காட்டுகிறது.

முதலில் அந்தக் கட்டையைப் பார்த்துவிடலாம். டூப்ளோ 1969இல் வந்தது. சாதாரண லெகோ கட்டையைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. பெயரிலேயே அந்த இரட்டிப்பு இருக்கிறது. மேலே நான்கு குமிழ் உள்ள சதுரக் கட்டையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கும் அளவுக்கு எந்தப் பொருளும் சிறிதாக இருக்கக் கூடாது என்பதற்காக, பொம்மைகளை ஒரு சிறு உருளைக்குள் போட்டுப் பார்த்துச் சோதிப்பார்கள். அந்த உருளையின் வாய் 32 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. டூப்ளோவின் சதுரக் கட்டை அதற்குள் போகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. டூப்ளோ கட்டையைச் சிறிய லெகோ கட்டையோடும் பொருத்தலாம். மூன்று வயதில் வாங்கியது ஏழு வயதிலும் வீணாகாது.

இதில் எது குழந்தைக்கு, எது பெற்றோருக்கு என்று பிரித்துப் பாருங்கள். பாதுகாப்பும் நீடித்த பயனும் பெற்றோருக்கு. குழந்தைக்கோ கையடக்கமான ஒரு கட்டை, அது 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும் சுகம், மூலையில் ஒரு முயல். இந்த இரண்டையும் ஒரே பெயருக்குள், ஒரே பெட்டியின் முகத்துக்குள் நிறுத்துவதைத்தான் பிராண்டு அடையாளம் என்கிறோம். சின்னம், நிறம், எழுத்து, பெயர், பெட்டியின் வடிவம், பேசும் தொனி எல்லாம் அதன் உறுப்புகள்.

2002இல் நடந்த மாற்றம் ஏதோ ஒருவரின் மனம்போன போக்கில் நடந்ததல்ல. தன் பொம்மைகளையெல்லாம் நான்கு உலகங்களாகப் பிரித்து அடுக்க நிறுவனம் முடிவு செய்திருந்தது. அதில் மிகச் சிறிய குழந்தைகளுக்கான உலகம் எக்ஸ்ப்ளோர். டூப்ளோ கட்டைகளும் கைக்குழந்தைகளுக்கான பொருள்களும் அதற்குள் ஒன்றாக வந்தன. உள்ளேயும், குழந்தை எந்தவிதமாக வளர்கிறது என்பதை வைத்துப் பொருள்களைப் பிரித்தார்கள். கற்பனை ஒரு பிரிவு, தர்க்கம் ஒரு பிரிவு. அலுவலக மேசையில் விரித்து வைத்தால் எவ்வளவு அழகான வரைபடம்! குழந்தை வளர்ச்சி படித்தவர் பார்த்தால் தலையசைப்பார்.

கடையில் அந்த வரைபடம் யார் கண்ணிலும் படவில்லை. டூப்ளோ வாங்க வந்த தாய்மாரும் தகப்பன்மாரும் டூப்ளோவைத் தேடினார்கள், காணவில்லை. நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். விற்பனை சரிந்தது. அந்தக் காலத்தில் லெகோவுக்கு வேறு நோய்களும் இருந்தன. தேவைக்கு மீறிய உருப்படி வகைகள், பூங்காக்களில் முடங்கிய முதலீடு, கட்டையை விட்டு விலகிப்போன விளையாட்டுகள் என்று பட்டியல் நீளும். 2004இல் நிறுவனத்தின் நட்டம் ஏறக்குறைய 190 கோடி டேனிஷ் குரோனர். அத்தனைக்கும் எக்ஸ்ப்ளோர் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அந்த ஆண்டு பொறுப்பேற்ற யோர்கன் விக் க்னுட்ஸ்டார்ப் நிறுவனத்தைச் சீர்செய்யத் தொடங்கிய காலத்தில், பழைய பெயரும் முயலும் கடைக்குத் திரும்பிவிட்டன. அதிலிருந்து அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயரில் என்ன இருந்தது? 1969இல் வந்த பொருள் 2002இல் முப்பத்து மூன்று வயதை எட்டியிருந்தது. அப்போது மூன்று வயதுப் பிள்ளையோடு கடைக்கு வந்த ஒரு தாய், தானே டூப்ளோ வைத்து விளையாடி வளர்ந்தவளாக இருக்கலாம். அவளுக்கு அந்தப் பெட்டியில் 'கற்பனைத் திறன் வளரும்' என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் கட்டை தன் கையில் இருந்த நினைவே அவளுக்கு உறுதிமொழி. கற்றல் பொருளுக்குப் பெற்றோரிடம் கிடைக்கும் நம்பிக்கைகளில் மிக உறுதியானது இதுதான். இதை விளம்பரத்தால் வாங்க முடியாது, ஒரு தலைமுறை காத்திருந்தால்தான் சேரும். எக்ஸ்ப்ளோர் அந்த முப்பத்து மூன்று வருடச் சேமிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதே தாயிடம் குழந்தை வளர்ச்சிப் பாடம் சொல்லத் தொடங்கியது.

குழந்தையின் பக்கம் இழப்பு வேறு விதமானது. மூன்று வயதுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சின்னம் தெரியும். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று வருத்தம் தரும் இடத்திலிருந்து வருகிறது. 1991இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஒட்டகக் கேலிச்சித்திரத்தைச் சின்னமாகக் கொண்ட ஒரு சிகரெட்டை எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளிடம் சின்ன அட்டைகளைக் கொடுத்து, எது எதற்குப் பொருந்தும் என்று வைக்கச் சொன்னார்கள். மூன்று வயதினரில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் அந்த ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகச் சேர்த்தார்கள். ஆறு வயதினரில் 91 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சிகரெட் விற்கவில்லை, பெயரைப் படிக்கவும் அவர்களுக்குத் தெரியாது. ஒரு முகம் இருந்தது, அது போதுமாக இருந்தது.

2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 63 குழந்தைகளிடம் இன்னொன்றைச் செய்து பார்த்தார்கள். ஒரே உணவு, ஒன்று மெக்டொனால்ட்ஸ் உறையில், மற்றொன்று வெற்று உறையில். சின்னம் போட்ட உறையில் இருந்ததுதான் ருசியாக இருக்கிறது என்று சொன்ன குழந்தைகளே அதிகம். கேரட்டும் பாலும்கூட அந்த உறைக்குள் ருசி கூடிவிட்டன. இந்த இரண்டு ஆய்வுகளையும் படித்துவிட்டு நிம்மதியாக வரைபலகைக்குத் திரும்ப என்னால் முடிந்ததில்லை. குழந்தையின் கண்ணுக்கு முன்னால் ஒரு முகத்தை வைப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை இவை சொல்கின்றன. முயலை எடுத்தபோது லெகோ தொலைத்ததும் அதைத்தான். குழந்தை விரல் நீட்ட ஒரு முகம் இல்லாமல் போனது. எக்ஸ்ப்ளோர் என்பது குழந்தைக்கு எழுத்துக் கூட்டம், பெற்றோருக்கு அறியாத பெயர். இருவரில் ஒருவருக்கும் அது பழகிய ஆளாக இல்லை.

பெயர் எப்படி இருவருக்கும் பேச முடியும் என்பதற்கும் டூப்ளோவிலேயே நல்ல உதாரணம் உண்டு. பின்னாளில் அவர்கள் 'என் முதல் எண் ரயில்' என்ற பொருளைக் கொண்டுவந்தார்கள். ஓர் எஞ்சின், சில பெட்டிகள், 0 முதல் 9 வரை எண் அச்சிட்ட கட்டைகள், ஏறி உட்காரக் குட்டி மனிதர்கள், ஒரு பூனை. அந்தப் பெயரைப் பிரித்துக் கேளுங்கள். 'முதல்' என்ற சொல் பெற்றோருக்கு, ஏனென்றால் வயது பற்றிய கவலை அவர்களுடையது. 'எண்' அவர்களுக்குத்தான். 'ரயில்' குழந்தைக்கு. 'என்' என்பதும் குழந்தைக்கு. தர்க்கத்தை வளர்ப்பது என்ற பேச்சே பெயரில் இல்லை. ஆனால் எண் கட்டைகளை வரிசையாகப் பெட்டிகளில் ஏற்றும்போது எது நடக்க வேண்டுமோ அது தானே நடக்கிறது. குழந்தை பூனையை முதல் பெட்டியில் ஏற்றி, ஏழையும் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஓட்டினாலும் ரயில் ஓடும். தவறு செய்தால் நின்றுபோகும் விளையாட்டு அல்ல அது.

நம் ஊரில் இந்தக் கலை பழையது. நடைவண்டி என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, தச்சர் வீட்டு மரம். வாங்கும் தாத்தாவுக்கு அதில் முக்கியம் 'நடை'. பேரனுக்கு முக்கியம் 'வண்டி'. தள்ளிக்கொண்டு ஓடும் குழந்தை தான் நடக்கப் பழகுகிறோம் என்று ஒரு கணமும் நினைப்பதில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்றே நினைக்கிறது. இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதை ஒரே சொல்லில், ஒருவரையும் ஏமாற்றாமல் சொல்லிவிட்டார்கள். ஒரு பொருளுக்குப் பெயர் வைக்க உட்காரும்போதெல்லாம் நான் நடைவண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் என் பெயர்தான் தோற்கும்.

பெற்றோர் காதுக்கு மட்டும் வைத்த பெயர் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. 'பேபி ஐன்ஸ்டீன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் 1990களின் பிற்பாதியில் வந்தன. 2001இல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. பொம்மைகள், செவ்வியல் இசை, நிறங்கள், உருவங்கள் என்று மென்மையாகப் போகும் வீடியோக்கள். பெயரே உறுதிமொழியாக இருந்தது. ஆறு மாதக் குழந்தைக்கு ஐன்ஸ்டீன் யாரென்று தெரியாது, கவலையில் இருக்கும் தாய்க்குத் தெரியும். 2006இல் குழந்தைகளைக் குறிவைக்கும் வணிகத்தை எதிர்க்கும் ஓர் அமைப்பு, அந்த விளம்பரங்கள் ஏமாற்றுகின்றன என்று அந்நாட்டு வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அப்போதைய அறிவுரை. 2009இல் டிஸ்னி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஒரு குறுந்தகடுக்கு 15.99 டாலர், ஒரு வீட்டுக்கு நான்கு வரை.

அந்த வீடியோக்கள் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்கும் ஒரு பொருளாக நேர்மையாக விற்றிருந்தால் அது வேறு கதை. கோளாறு பெயரில் இருந்தது. மேதை உருவாகிறான் என்ற உறுதிமொழியை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. எண் ரயிலின் உறுதிமொழியை அன்று மாலையே பார்க்கலாம், பிள்ளை எண்ணுள்ள கட்டையை எடுத்து ஏற்றுகிறாளா இல்லையா என்று.

சென்னையில் ஒரு சிறு நிறுவனத்துக்காக எழுத்து அட்டைப் பெட்டி ஒன்று செய்தோம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய பன்னிரண்டு உயிரெழுத்துகள். குழந்தை விரலால் எழுத்தின் வழியே தடவிப் போகும், சொரசொரப்பு விரலுக்கு வழி காட்டும். மாண்டிசோரி பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கும் முறை. வயது மூன்று முதல் ஐந்து வரை.

முதல் பெட்டியை நான்தான் வடிவமைத்தேன், தவறும் என்னுடையதே. முகப்பில் வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, கண்ணாடி போட்ட ஒரு சிறுவன், அவன் தலைக்கு மேல் 'மூளை வளர்ச்சிக்கு ஐந்து திறன்கள்'. பெற்றோர் கூட்டத்தில் காட்டினோம், எல்லோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஒரு நாலு வயதுச் சிறுமி முன்னால் வைத்தோம். அவள் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள், "அம்மா, இது டானிக்கா?"

அவள் சொன்னது முற்றிலும் சரி. வெள்ளையும் நீலமும் மருந்துக் கடையின் நிறங்கள். பெற்றோரைக் கவர்ந்ததும் அதுதான். கசந்தாலும் நல்லது என்ற உணர்வை அந்தப் பெட்டி கொடுத்தது. காசு கொடுப்பவர் அதற்காகக் காசு கொடுப்பார். விளையாட வேண்டியவர் அதை அலமாரிக்கு அனுப்பிவிடுவார்.

அதற்குப் பிறகு சோதனை முறையை மாற்றினோம். குழந்தையிடம் 'பிடிச்சிருக்கா?' என்று கேட்பதை முதலில் நிறுத்தினோம். பெரியவர் கேட்டால் சின்னக் குழந்தை 'ஆமாம்' என்றுதான் சொல்லும். சோக முகம் முதல் சிரிப்பு முகம் வரை ஐந்து முகங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ஜேனட் ரீடும் அவருடைய சகாக்களும் குழந்தைகளிடம் அதைப் பயன்படுத்திப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வயது குறையக் குறைய பிள்ளைகள் பெரிய சிரிப்பையே தொடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எதைக் காட்டினாலும் சிரிப்பு கிடைத்தால் அந்தப் பதிலால் பயனில்லை. அவர்கள் வைத்த இன்னொரு கேள்வி உதவியது. மறுபடி செய்ய ஆசையா என்பதே அது.

நாங்கள் செய்தது எளிமையானது. மூன்று பெட்டிகளை, அவற்றில் ஒன்று எங்களுடையது, நாலு வயதுக் குழந்தையின் கண் உயரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் வரிசையாக வைத்தோம். எழுத்துகளை எல்லாம் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டோம். "எதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறே?" என்று மட்டும் கேட்டோம். எடுத்ததை உண்மையிலேயே கொடுத்து அனுப்பினோம், அப்போதுதான் தேர்வு தேர்வாக இருக்கும். முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. கையை நீட்டும் முன் குழந்தை திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தது. தாயின் புருவம் லேசாக ஏறினால் கை அந்தப் பெட்டிக்குப் போனது. அது தாயின் தேர்வு. அடுத்த நாளிலிருந்து தாயைக் குழந்தைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார வைத்தோம்.

தாய்மாருக்கு அதே பெட்டியைத் தலைகீழாகச் சோதித்தோம். படத்தை எல்லாம் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டி நான்கு கேள்விகள். உள்ளே என்ன இருக்கிறது, எந்த வயதுக்கு, பிள்ளை இதை வைத்து என்ன செய்யும், நீங்கள் கூடவே உட்கார வேண்டுமா. கடைசிக் கேள்வியை நான் முதலில் நினைத்தே பார்க்கவில்லை, ஒரு தாய் கேட்டதிலிருந்து சேர்த்துக்கொண்டோம். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு 'ஐந்து திறன்கள்' என்பதைவிட 'ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, ஐந்து நிமிடம்' என்பது பல மடங்கு பெரிய செய்தி. பழைய பெட்டியில் எழுதியிருந்ததிலிருந்து அந்த நான்கு கேள்விக்கும் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அத்தனை சொற்களை எழுதி ஒரு தகவலையும் சொல்லாமல் விட்டிருந்தோம்.

புதுப் பெட்டியில் கண்ணாடிச் சிறுவன் போனான், ஓர் ஆமை வந்தது. ஆ எழுத்துக்கு ஆமை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதன் ஓடு. ஆமையின் ஓட்டை வரையாமல், உப்புத்தாளையே ஓட்டின் வடிவத்தில் வெட்டி முகப்பில் ஒட்டினோம். குழந்தை பெட்டியைப் பார்த்ததும் விரலால் தொடுகிறது, சொரசொரவென்று இருக்கிறது, மறுபடி தொடுகிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே என்ன செய்யப் போகிறோமோ அதைச் செய்துவிடுகிறது. தாய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கவாட்டில் அவளுக்கான நான்கு வரிகள், நான்கு கேள்விகளுக்கும் பதிலாக. 'மூளை' என்ற சொல் பெட்டியில் எங்கும் இல்லை. அதை எடுக்க நிறுவனத்தாரைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று.

உப்புத்தாள் வேறொரு தொல்லை கொடுத்தது. முதல் நடை போன பத்தே நாளில் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, கீழ்ப் பெட்டியின் ஆமை ஓடு மேல் பெட்டியின் அடிப்பாகத்தை உராய்ந்து அச்சைச் சுரண்டியிருந்தது. தேய்ந்த பெட்டியை யார் வாங்குவார்? அடுத்த அச்சில், முகப்பு அட்டையில் ஓட்டின் வடிவத்தில் துளை வெட்டி, உப்புத்தாளை உள்பக்கத்திலிருந்து ஒட்டினோம். அட்டையின் தடிமன் அளவுக்கு ஓடு உள்ளே அமிழ்ந்துவிட்டது. விரல் போகும், பக்கத்துப் பெட்டி உரசாது. வெட்டு அச்சுக்கு ஒரு முறைச் செலவு, அவ்வளவுதான்.

பெற்றோரிடம் கல்வியைப் பற்றிப் பேசவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எங்கே பேசுவது என்பதுதான் கேள்வி. 1974இல் லெகோ பெட்டிகளுக்குள் பெற்றோருக்கென்று ஒரு சிறு தாள் வைத்தார்கள். படைக்கும் ஆசை ஆண் பெண் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான், பிள்ளை தன் மனதில் தோன்றியதைத் தோன்றியபடி கட்டட்டும், பொம்மை வீட்டை விரும்பும் பையன்களும் உண்டு, விண்கலத்தை விரும்பும் பெண்களும் உண்டு, சரியான பொருளைக் கையில் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் எழுதப்பட்டது. 2014இல் யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட, உலகமே வியந்தது. போலி என்றுகூடச் சந்தேகித்தார்கள், உண்மைதான் என்று நிறுவனம் உறுதி செய்தது. என்னைக் கவர்வது அந்தத் தாள் இருந்த இடம். காசு கொடுத்தாகிவிட்டது, பெட்டி திறந்தாகிவிட்டது, குழந்தை தரையில் உட்கார்ந்து கட்டத் தொடங்கிவிட்டது. தாய்க்கோ தந்தைக்கோ படிக்க இரண்டு நிமிடம் கிடைக்கிறது. இப்போது சொல்லப்படுவது விற்பனைப் பேச்சாக இருக்க முடியாது. கூட உட்கார்ந்து விளையாடுவது எப்படி என்ற பேச்சாக இருக்கலாம். எங்கள் ஆமைப் பெட்டியிலும் மூடியின் உள்பக்கத்தை அதற்காக ஒதுக்கினோம். எழுத்தைத் தப்பாகத் தடவினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்கள் ஒருமுறை தடவிக் காட்டுங்கள் என்று அங்கே இருக்கிறது.

ஒரு பொருள் தவறான கையில் போய்ச் சேர்கிறதா என்பதை விற்பனை எண்ணிக்கை முதலில் காட்டாது. பெற்றோர் மட்டும் தேர்ந்தெடுத்த பொருள் முதல் முறை நன்றாகவே விற்கும், பிறந்தநாள் பரிசாகவும் போகும். அதே வீட்டுக்கு இரண்டாவது பெட்டி போகாது. குழந்தை மட்டும் தேர்ந்தெடுத்ததில் வேறு விதம். கடையில் அழுகை, வாங்கியதும் மூன்று நாள் கொண்டாட்டம், பிறகு பெற்றோர் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இரண்டையும் சீக்கிரம் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. கொடுத்து அனுப்பிய பெட்டி இரண்டு வாரம் கழித்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்போம். அலமாரியின் மேல்தட்டு என்றால் ஒரு செய்தி, கட்டிலுக்கு அடியில் என்றால் வேறு செய்தி. ஓர் அட்டை மட்டும் காணவில்லை என்று யாராவது சொன்னால் எங்களுக்குச் சந்தோஷம்.

வயது என்ற ஒரு சிக்கல் மட்டும் இன்றும் முழுதாகத் தீரவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆமையைக் காட்டினால் "இது பாப்பாவுக்கு" என்று தள்ளிவிடுவான். உள்ளே இருப்பது அவனுக்கு வேண்டிய எழுத்தாக இருந்தாலும் தள்ளுவான். சின்னக் குழந்தை தன்னைவிட மூத்தவர் பொருளுக்கு ஆசைப்படும், தன்னைவிடச் சின்னவர் பொருளைத் தொடாது. டூப்ளோவுக்குத் தனிப் பெயரும் தனி முயலும் இருப்பதன் இன்னொரு நன்மை இங்கே புரிகிறது. ஐந்து வயதில் முயலை விட்டுச் சிவப்புச் சதுர லெகோவுக்குப் போவது குழந்தைக்கு ஒரு படி ஏறுவது போல. பழைய கட்டை புதிய கட்டையோடு பொருந்துவதால் பெற்றோருக்கும் மனம் நோகாது. எக்ஸ்ப்ளோர் கைக்குழந்தையையும் நாலு வயதினனையும் ஒரே பெயருக்குள் போட்டபோது, ஏறிப் போக அந்தப் படியும் இல்லாமல் போயிற்று.

எனவே மெய்யெழுத்துகளும் உயிர்மெய்யும் கொண்ட அடுத்த பெட்டிக்கு ஆமை வேண்டாம் என்று நான் வாதாடினேன். நிறுவனத்தாருக்கு மனமில்லை, பிள்ளைகளுக்குப் பழகிய முகத்தை எதற்கு விட வேண்டும் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு கடைக்காரர் சொன்னார், அம்மாக்கள் வந்து பொருளின் பெயரைச் சொல்வதே இல்லையாம், "ஆமைப் பெட்டி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்களாம். அது அவர்கள் பிள்ளைகள் வைத்த பெயர். நாங்கள் யோசித்து யோசித்து வைத்த பெயரை அடுத்த அச்சில் சிறியதாக்கி, ஆமைப் பெட்டி என்பதைப் பெரிதாகப் போட்டோம். இரண்டாவது பெட்டியில் ஆமை முகப்பில் இல்லை. பின்பக்கத்தில், எறும்பு அளவுக்கு, நடந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. முகப்பில் என்ன வருவது என்று ஆறு வயதுக்காரர்களிடம் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறோம்.